குப்பை வண்டிப் பாட்டு மண்டைய விட்டு எறங்க மாட்டேங்குது, யாராச்சும் வழி சொல்லுங்க

மாடித்தோட்டம் (கோவை) | திங்கள், இரவு 10.48

மூணு வாரமா ஒரே ரோதனைங்க. எங்க தெருவுக்கு காலைல ஆறே முக்காலுக்கு குப்பை வண்டி வரும், பேட்டரி வண்டி, ஸ்பீக்கர்ல மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு ஒரு பாட்டு. அது எங்க வீட்டுக்கிட்ட வரும்போது பாதி ஓடிட்டு இருக்கும், நான் பக்கெட்ட குடுத்துட்டு திரும்புறதுக்குள்ள வண்டி அடுத்த சந்துக்குப் போயிரும். அந்த நாலு வரி மட்டும் மண்டைக்குள்ள சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்குது. நாலாவது வரி முடிஞ்சதும் திரும்ப மொத வரி. அஞ்சாவது வரி எனக்குத் தெரியவே தெரியாது.

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, மாசம் 20ஆம் தேதி நெருங்கினா ஜிஎஸ்டி தலைவலி, அது நடுவுல இந்தப் பாட்டு. பல்லக் கடிச்சுட்டு நினைக்கக் கூடாது நினைக்கக் கூடாதுன்னு உக்காந்தா இன்னும் சத்தமா ஓடுது. எனக்கு மட்டும்தான் இப்பிடியா? இது போறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

கார்_கணேசன் | திங்கள், இரவு 11.02

சகோதரி, காதுல பூச்சி போனாலும் இப்படித்தான் உள்ள சுத்துற மாதிரி இருக்கும். நல்லெண்ணெயில ஒரு பல்லு பூண்டு போட்டு லேசா காய்ச்சி, வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடுங்க. எங்க அம்மா வைத்தியம். காலைல சரியாயிரும்.

செவிப்பறை | திங்கள், இரவு 11.20

கணேசன் சார், தயவுசெஞ்சு வேணாம். நான் ஆடியாலஜிஸ்ட், காதுல எண்ணெய் ஊத்திட்டு வர்றவங்கள வாராவாரம் பாக்கறேன். செவிப்பறையில ஓட்டை இருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போயி சீழ் வச்சுரும், ஓட்டை இருக்கா இல்லையான்னு வீட்ல பாத்து தெரியாது. அதோட தோழி கேட்டது காதப் பத்தியே இல்ல. பாட்டு மண்டைக்குள்ள ஓடுறதப் பத்தி கேக்கறாங்க.

தோழி, உங்களுக்கு மட்டும் இல்லங்க. ஃபின்லாந்துல லீக்கனென்னு ஒருத்தர் இணையத்துல 12,000 பேருக்கு மேல கேட்டு 2012ல வெளியிட்டார், பத்துல ஒம்போது பேருக்கு வாரம் ஒரு தடவையாவது இப்படி வருது. ஜெர்மன்காரங்க இதுக்கு வச்ச பேரே காதுப்புழுன்னுதான் அர்த்தம், கணேசன் சார் பூச்சின்னு சொன்னதும் சிரிச்சுட்டேன். ஆனா மூணு வாரமும் ஒரே பாட்டுன்னா எதோ ஒண்ணு அதுக்கு தினமும் தீனி போட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். நாலு கேள்வி கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க.

எந்தெந்த நேரத்துல வருது? அப்ப கை என்ன செஞ்சுட்டு இருக்கு? பாட்டு ஓடும்போது நாக்கு இல்ல தொண்டை லேசா அசையுதா? அந்த நாலு வரிய வாய்விட்டு முனகுறீங்களா, இல்ல உள்ளயே ஓடுதா?

விசில்_மணி | செவ்வாய், காலை 7.15

இதுக்கு எதுக்கு இவ்ளோ கேள்வி. சிம்பிள் மேட்டர். முடிக்காத வேலைய மூளை விடாது, ஜெய்கார்னிக்னு ஒரு அம்மா 1927லயே கண்டுபுடிச்சிட்டாங்க. ஓட்டல் சர்வருக்கு பில் கட்டாத டேபிள் ஆர்டர் மட்டும் ஞாபகம் இருக்கும், பில் கட்டுனதும் மறந்துரும்ல, அதே கதைதான். பாட்டு பாதியில நின்னதால மூளை மீதிய தேடுது. முழுப்பாட்ட ஒரு தடவை கேளுங்க மேடம், சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நிக்கும். நான் கேரண்டி.

யாழ்ப்பாணத்து_பெடியன் | செவ்வாய், காலை 9.30

மணி அண்ணை, உங்கட கேரண்டி எனக்குச் சரிவராது. எங்கட பக்கம் பாண், அதுதான் ரொட்டி, விக்கிற ஓட்டோ வரும், சூன் பாண் எண்டு சொல்லுவினம், அதில பீத்தோவன்ர ஃபூர் எலீஸ் தான் போடுவாங்கள். இலங்கை முழுக்க அந்த மெட்டுக் கேட்டா பணிஸ் ஞாபகம் தான் வரும். நான் அந்தப் பியானோத் துண்டை முழுசா ஒரு முப்பது தரமாவது கேட்டிருப்பன், முடிவு வரைக்கும் தெரியும், அப்பிடியிருந்தும் கனநாளா மண்டைக்குள்ள நிக்குது. அதுவும் முதல் ஒன்பது சுரம் மட்டும் தான்.

தம்புரா_ஸ்ருதி | செவ்வாய், காலை 10.05

அந்த ஆரம்பத்த கவனிச்சுப் பாருங்க தம்பி, பக்கத்து பக்கத்து சுரம் ரெண்டுக்குள்ள ஊஞ்சல் மாதிரி மேல கீழ ஆடிட்டு, அப்புறம்தான் எறங்கி உக்காரும். நடுவுல வேற பகுதி வந்தாலும் திரும்பித் திரும்பி அந்த ஆரம்பத்துக்கே வரும் அந்த உருப்படி. எழுதுனதே சுத்தி வர்ற மாதிரிதான், அப்புறம் மண்டையில சுத்தாம என்ன செய்யும். முழுசா கேட்டாலும் நீங்க கேட்டது அதே துண்டத்தானே அஞ்சாறு தடவை.

நான் வயலின் சொல்லித்தர்றவ. ஜண்டை வரிசை ஆரம்பிச்ச புள்ளைங்க எல்லாம் ராத்திரி தூக்கத்துலயும் ஸஸரிரி ஓடுது மிஸ்னு வந்து நிக்கும். நான் நல்லதுன்னு சொல்லி அனுப்பிருவேன். எனக்கு இது ஒரு நோயாவே தெரியல.

மாடித்தோட்டம் | செவ்வாய், இரவு 9.40

செவிப்பறை, இன்னைக்கு நோட் போட்டு பாத்தேனுங்க. பாத்திரம் கழுவும்போது, ஸ்கூட்டில ஆபீஸ் போகும்போது, குளிக்கும்போது, அப்புறம் படுத்ததும். ஆபீஸ்ல பில்ல பாத்து பாத்து என்ட்ரி போடும்போது சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு, ஆனா ஒரு கிளையண்ட்கூட ஃபோன்ல சண்டை போட்ட இருபது நிமிசம் சுத்தமா இல்ல. பில்லுக்கணக்கு ஜிஎஸ்டி 2பி ஸ்டேட்மெண்ட்டோட டேலி ஆகாம ரொம்ப குழம்பி உக்காந்திருந்தப்ப திரும்ப வந்துருச்சு. அதான் புரியல, கஷ்டமான வேலைதானே அது, அப்ப ஏன் வரோணும்?

நாக்கு அசையுதான்னு கேட்டீங்கல்ல. அசையுதுங்க! நீங்க கேக்கற வரைக்கும் எனக்கே தெரியாது. அடித்தொண்டையில லேசா பாடிட்டே இருக்கேன் போல.

எண்ணிப் பாத்தா மொத்தம் 31 தடவை. எண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அதிகமாயிருச்சோன்னு ஒரு சந்தேகம்.

செவிப்பறை | செவ்வாய், இரவு 10.30

சந்தேகமே வேணாம், எண்றதே அத கூப்பிடும். நீங்க மொத நாள் சொன்ன "நினைக்கக் கூடாது" கதையும் இதேதான். வெக்னர்னு ஒருத்தர் 1987ல வெள்ளைக் கரடிய நினைக்காதீங்கன்னு சொல்லி ஆளுங்கள உக்கார வச்சு பாத்தார், நினைக்காம இருக்க முயற்சி பண்ணவங்களுக்கு அப்புறம் அந்தக் கரடி இன்னும் அதிகமா வந்துச்சு. நம்மூர்ல மருந்து குடிக்கும்போது குரங்க நினைக்காதன்னு சொல்ற கதை இருக்கே, அத அவர் ரூம்ல வச்சு சோதிச்சு பாத்துட்டார், அவ்வளவுதான். அதனால இனிமே ஒவ்வொரு தடவையும் எண்ணாதீங்க. மதியம், சாயங்காலம், படுக்கும்போது, மூணு வேளை மட்டும் "இப்ப ஓடுதா இல்லையா"ன்னு எழுதுங்க போதும்.

உங்க நோட்டுலயே பாதி பதில் இருக்கு. பாத்திரம், ஸ்கூட்டி, குளியல், என்ட்ரி, இது எல்லாமே கை தானா செய்யற வேலை, மனசு சும்மா இருக்கும், அந்த காலி இடத்துல பாட்டு வந்து உக்காந்துக்குது. டேலி ஆகாதப்ப வந்தது ஏன்னா, வேலை ஒரு அளவுக்கு மேல கஷ்டமானா மனசு அத விட்டுட்டு வெளிய ஓடிரும், உக்காந்திருப்பீங்க ஆனா அங்க இருக்க மாட்டீங்க. அமெரிக்காவுல ஐரா ஹைமன் குழு 2013ல பாட்டு போட்டுக் காட்டிட்டு புதிர் போட வச்சு பாத்தாங்க. ரொம்ப லேசான புதிர்லயும் பாட்டு திரும்ப வந்துச்சு, ரொம்ப கஷ்டமான புதிர்லயும் வந்துச்சு, நடுத்தரமா இருந்தப்பதான் குறைஞ்சுது. கிளையண்ட்கூட சண்டை அந்த நடுத்தரம், அதுக்கு மேல அதுல வாயும் வேலை செஞ்சுது.

வாய்ன்னு சொன்னது சும்மா இல்ல. மண்டைக்குள்ள பாட்டு ஓடறத நாம "கேக்குது"ன்னு சொல்றோம், ஆனா நெறைய பேருக்கு அதுல பாதி கேக்கறது, பாதி சத்தமில்லாம பாடறது. ஃபோன் நம்பர மறக்காம இருக்க உள்ளுக்குள்ள திரும்பத் திரும்ப சொல்லுவோம்ல, அதே ஏற்பாடுதான். அதுக்கு நாக்கு, தாடைக்குப் போற கட்டளை வேணும், சத்தம் மட்டும் வெளிய வராது. உங்க நாக்கு அசையுதுன்னதும்தான் எனக்கு தைரியம் வந்துச்சு. நாளைக்கு ஒரு சின்ன வேலை செய்ங்க, பாட்டு ஓடும்போது சூயிங்கம் ஒண்ணு போட்டு நல்லா மெல்லுங்க, என்ன ஆகுதுன்னு எழுதுங்க.

விசில்_மணி | செவ்வாய், இரவு 10.52

சூயிங்கம்மா?? சார் காமெடி பண்றீங்களா. முழுப்பாட்டு கேட்டா போற விஷயத்துக்கு.

செவிப்பறை | செவ்வாய், இரவு 11.25

சார் இல்ல, மேடம். :)

மணி, நீங்க சொன்னதுல பாதி சரி, அதயும் சொல்லிடறேன். எங்க அடுத்த வரி தெரியலயோ அங்க இருந்து மனசு தெரிஞ்ச இடத்துக்கே தாவும், தோழிக்கு அதுதான் நடக்குது. முழுசா கேட்டா விட்டுச்சுன்னு சொல்றவங்க நெறைய பேர் இருக்காங்க, பொய்யில்ல. ஆனா பாட்ட வேணும்னே பாதியில நிறுத்தி, முழுசா கேட்டவங்களோட ஒப்பிட்டு பாத்த சோதனைகள்ல உங்க ஜெய்கார்னிக் கணக்கு எதிர்பாத்த மாதிரி தெளிவா வரல. இன்னொரு சிக்கலும் இருக்கு, ஒரு பாட்டு ஒட்டிக்கறதுக்கு பெரிய காரணமே சமீபத்துல கேட்டதும் திரும்பத் திரும்ப கேட்டதும்தான். போகட்டும்னு பத்து தடவை முழுசா கேட்டீங்கன்னா அந்தத் தீனியத்தான் போடறீங்க. யாழ்ப்பாணத்து தம்பி முப்பது தடவை கேட்டாரே, அவர் கதை அதுதான்.

சூயிங்கம் காமெடி இல்ல. இங்கிலாந்துல ரீடிங் யூனிவர்சிட்டில பீமன்னு ஒருத்தரோட குழு 2015ல செஞ்சது. நல்லா ஒட்டிக்கற பாட்டா ஒண்ணு போட்டுக் காட்டிட்டு, மூணு நிமிசம் அத நினைக்காதீங்க, நினைவு வந்தா பட்டனை அழுத்துங்கன்னாங்க. மென்னுட்டு இருந்தவங்களுக்கு பாட்டு வந்தது குறைவு, உள்ள "கேக்குது"ன்னு சொன்னதும் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. சும்மா ஏதோ அசைவு இருந்தா போதுமான்னு விரலால தட்டவும் சொல்லிப் பாத்தாங்க, அது மெல்ற அளவுக்கு பலிக்கல. ஆனா ஒண்ணு, இதெல்லாம் சில நிமிச சோதனை. மூணு வாரமா இருக்கறது இதால ஒரேயடியா போயிரும்னு யாரும் காட்டல. வர்ற நேரத்துல கதவ சாத்தறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

பாக்குவெட்டி | புதன், காலை 6.40

அப்ப வெத்தல பாக்கு போட்டாலும் அதே எஃபெக்ட் தானே? எங்க தாத்தா நாள் முழுக்க மென்னுட்டே இருப்பாரு, ஒரு பாட்டும் முனகி நான் பாத்ததில்ல 😂

செவிப்பறை | புதன், காலை 8.10

பாக்கு வேணாங்க, புகையிலை சேக்காம வெறும் பாக்கு மென்னாலே வாய்ப்புத்து வரும். பாட்டு போயி அது வந்துச்சுன்னா என்ன லாபம். கம் பிடிக்காதவங்க சோம்பு, பொட்டுக்கடலை கொஞ்சம் கொஞ்சமா மெல்லலாம். தாடை நிக்காம அசையணும், அதான் விஷயம்.

தம்புரா_ஸ்ருதி | புதன், மதியம் 1.15

மேடம், நான் காலைல மென்னு பாத்தேன், எனக்கு ஒரு மாத்தமும் இல்ல. எனக்குள்ள ஒரு வர்ணம் ஓடும்போது தொண்டை அசையறதில்ல, இடது கை விரல் அசையுது. கமகம் வர்ற இடத்துல விரல் தானா வழுக்கும், பஸ்ல ஜன்னல் கம்பிய புடிச்சுட்டு உக்காந்திருந்தாலும். வாய்ப்பாட்டுக்காரங்களுக்கு சரியா இருக்கலாம், எங்களுக்கு வாத்தியம் வேற எடத்துல இருக்கே. நீங்க சொன்ன விரல் தட்டற சோதனைல இருந்தவங்க வயலின்காரங்களா என்ன?

செவிப்பறை | புதன், மதியம் 2.50

நல்ல மடக்கு அக்கா. இல்ல, சாதாரண ஆளுங்கதான். உங்களுக்கு விரல கட்டிப் போட்டா நிக்குமான்னு யாராச்சும் வாத்தியக்காரங்கள வச்சு தனியா பாக்கணும். என்கிட்ட பதில் இல்ல. ஒரு பந்த இடது கையில பிசைஞ்சுட்டே இருந்து பாருங்களேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

மாடித்தோட்டம் | புதன், இரவு 10.15

மொத நாள் ரிப்போர்ட். ஸ்கூட்டில போகும்போது கம் போட்டேன், உக்கடம் வரைக்கும் பாட்டு இல்ல, மெல்றத நிறுத்துன மூணாவது சிக்னல்ல வந்துருச்சு. என்ட்ரி போடும்போது ஓரளவு பரவால்ல. ஆனா மென்னு மென்னு தாடை வலிக்குது, நாள் முழுக்க முடியாதுங்க.

அப்புறம் ஒரு கூத்து. மணி சார் சொன்னதயும் பாத்துருவோம்னு காலைல குப்பை வண்டி அக்காகிட்ட, அக்கா இந்தப் பாட்டு முழுசா இருக்குதான்னு கேட்டேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. காலைல இருந்து மதியம் வரைக்கும் இதேதான் ஓடுது கண்ணு, எனக்கு இப்பல்லாம் காதுலயே விழறதில்ல, ஸ்பீக்கர் நின்னு போனாத்தான் ஐயோ என்னமோ ஆச்சேன்னு திரும்பிப் பாப்பேன்னாங்க. அத்தன தடவை கேக்கறவங்களுக்கு ஒட்டாம எனக்கு ஏன் ஒட்டுச்சு? ஃபைல வாட்சப்ல அனுப்பிட்டாங்க, மொத்தம் ரெண்டரை நிமிசம். எனக்குத் தெரிஞ்ச நாலு வரிக்கு அப்புறம் மெட்டே மாறி ஒரு சரணம் இருக்குதுங்க! இப்ப கேக்கட்டுமா வேணாமா?

விசில்_மணி | புதன், இரவு 10.20

கேளுங்க கேளுங்க கேளுங்க

செவிப்பறை | புதன், இரவு 10.45

கேளுங்க, ஆனா இப்ப வேணாம், தூங்கப் போற நேரம். நாளைக்கு சாயங்காலம் ஒரே ஒரு தடவை, வேற வேலை செய்யாம, கடைசி வரி வரைக்கும். முடிஞ்சதும் உங்களுக்கு நல்லா பழகுன, ஆனா பெருசா ஆசை இல்லாத வேற ஒண்ணு பாடுங்க, வாய்விட்டு. அப்புறம் பாட்டு வந்துச்சுன்னா அத மொத வரிக்கு திருப்பி விடாம அந்தச் சரணத்துக்குத் தள்ளி முடிச்சு விடுங்க. ஃபைல அழிச்சுடுங்க, இல்லன்னா கை சும்மா இருக்காது.

அந்த அக்காவுக்கு ஏன் ஒட்டலன்னு ரெண்டு நிமிசம் யோசிச்சேன். அவங்களுக்கு அது தூரத்துல மறையற துண்டு இல்ல, நாள் பூரா பின்னாடி ஓடற சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி. அதோட அவங்க வேலை முழுக்க வீட்டுக்கு வீடு பேசறது. இது என் ஊகம்தான், அவங்க வீட்ல போயி படுத்ததும் ஓடுதான்னு நீங்க கேக்கலயே.

ராத்திரிப்பூனை | வியாழன், அதிகாலை 1.35

நான் குரூப் டூ படிக்கிறேன். எனக்கு பகல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி படுத்தா ஓடும், ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராது. வரிகள் இருந்தா மண்டையில ஓடும்னு யாரோ சொன்னதால ஒரு மாசமா படுக்கும்போது சினிமா பாட்டோட வயலின், புல்லாங்குழல் வெர்ஷன்தான் போட்டுட்டு படுக்கறேன். அப்படியும் ஓடுது. இன்னும் எதுல மாத்தணும்?

செவிப்பறை | வியாழன், காலை 8.30

தம்பி, அந்த வயலின் வெர்ஷன்தான் வில்லனா இருக்கலாம். பேய்லர் யூனிவர்சிட்டில ஸ்கல்லின் குழு 2021ல தூக்க லேப்ல ஐம்பது பேர் அளவுல படுக்க வச்சு பாத்துச்சு, படுக்கறதுக்கு முன்னாடி சிலருக்கு வரியோட பாட்டு, சிலருக்கு அதே பாட்டோட வரியில்லாத வாத்திய வெர்ஷன். எல்லாரும் வரிதான் ஒட்டும்னு நினைப்போம், வாத்திய வெர்ஷன்தான் அதிகமா ஒட்டிச்சு, தூக்கமும் அதுலதான் கெட்டுச்சு. தெரிஞ்ச பாட்டோட வரிய எடுத்துட்டா மனசு அந்த வரிய தானே போட்டுப் பாடிக்குதுன்னு நினைக்கிறாங்க. நீங்க தினமும் படுக்கும்போது மூளைக்கு கோடிட்ட இடம் நிரப்புற பரீட்சை வைக்கறீங்க.

படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பாட்டே வேணாம், ரெண்டு வாரம் பாருங்க. அதே குழு இன்னொன்னும் செஞ்சாங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் நாளைக்கு செய்ய வேண்டிய வேலைய பேப்பர்ல எழுதுனவங்க சீக்கிரம் தூங்குனாங்க. பாட்டுக்காக செஞ்ச சோதனை இல்ல அது, ஆனா உங்களுக்கு பரீட்சை கவலையும் சேந்து இருக்கும்னு தோணுது.

வெண்கலக்கிண்ணி | வியாழன், மாலை 6.05

செவிப்பறை மேடம், எங்க பாட்டிக்கு 78 வயசு. ஆறு மாசமா பக்கத்து வீட்ல பஜனை போடறாங்க, நிறுத்தச் சொல்லுன்னு சண்டை. பக்கத்து வீடு பூட்டியிருக்கு, துபாய் போயிட்டாங்க. ராத்திரி ஆனா இன்னும் சத்தமா கேக்குதாம். சொந்தக்காரங்க ஒருத்தர் காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூப்பிடறார், இன்னொருத்தர் மனநல டாக்டர்ங்கறார். இங்க படிச்சப்ப இதுவும் அதே மாதிரிதானோன்னு தோணுச்சு. சூயிங்கம் குடுக்கலாமா? பல் செட் போட்டிருக்காங்க.

செவிப்பறை | வியாழன், இரவு 9.10

இது வேற, இத முக்கியமா எடுத்துக்கோங்க. தோழிக்கு பாட்டு மண்டைக்குள்ள ஓடுதுன்னு தெரியும், வெளிய இல்லன்னும் தெரியும். உங்க பாட்டிக்கு அது வெளியில இருந்து நிஜமாவே கேக்குது, திசை கூட சொல்றாங்க. வயசானவங்ககிட்ட இதுக்கு ரொம்ப சாதாரணமான காரணம் காது மந்தமாறதுதான். வெளிய இருந்து சத்தம் வர்றது குறைஞ்சதும் மூளையோட கேக்கற பகுதி சும்மா இருக்காம பழைய சேமிப்புல இருந்து எடுத்து ஓட்டுது. பைத்தியம் இல்ல, பேயும் இல்ல. ராத்திரி அமைதியா இருக்கும், அதான் அப்ப அதிகம்.

டிவி சத்தம் அதிகமா வைக்கறாங்களா, மூணு பேர் பேசுனா என்ன என்னன்னு கேக்கறாங்களான்னு பாருங்க. முதல்ல ஈஎன்டி பாத்து அழுக்கு இருந்தா எடுத்துட்டு, காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் எடுங்க. சாப்பிடற மாத்திரை லிஸ்ட கையில கொண்டு போங்க, சில மருந்தாலயும் வரும். திடீர்னு ஆரம்பிச்சுதுன்னா, இல்ல குழப்பம், மறதி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் கூட இருந்துச்சுன்னா நரம்பு டாக்டர்கிட்ட தள்ளிப் போடாம போகணும். சண்டை மட்டும் போடாதீங்க, "இல்லாதத சொல்றே"ன்னு சொன்னா அவங்க மனசு ஒடஞ்சு போகும்.

யாழ்ப்பாணத்து_பெடியன் | சனி, காலை 11.00

அக்கா, நான் ரெண்டு நாளா ஒண்டும் கேக்காமல் விட்டுப் பார்த்தன். பாண்காரன் வாற நேரம் வீட்டில நிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். கொஞ்சம் குறைவு. ஆனால் பணிஸ் வாங்காததுக்கு அம்மாட்ட ஏச்சு. ஒரு கேள்வி, பேப்பரில குறுக்கெழுத்துப் போட்டி செய்யேக்க மட்டும் ஒருக்காலும் வாறேல்ல, சுடோக்கு செய்யேக்க வருது. ஏன் அப்பிடி?

செவிப்பறை | சனி, மதியம் 12.20

குறுக்கெழுத்துல சொல்ல உள்ளுக்குள்ள சொல்லிப் பாக்கறீங்க, அந்த உள்வாய் அப்ப பிஸி. சுடோக்குல கண்ணும் எண்ணும்தான், வாய் சும்மா இருக்கு. உங்களுக்கு அது பொருந்துதுன்னா அதையே வச்சுக்கோங்க.

தம்புரா_ஸ்ருதி | சனி, மாலை 5.30

பந்து பிசைஞ்சு பாத்தேன் மேடம். வர்ணம் நிக்கல. ஆனா கமகமெல்லாம் மொட்டையா ஓடுச்சு, ஹார்மோனியத்துல வாசிச்ச மாதிரி. எனக்கு அது இன்னும் கொடுமையா இருந்ததால பந்த தூக்கிப் போட்டுட்டேன்.

மாடித்தோட்டம் | அடுத்த வியாழன், இரவு 9.55

ரிப்போர்ட் சொல்றேனுங்க. போன வியாழன் சாயங்காலம் முழுசா ஒரு தடவை கேட்டேன். கேட்ட ராத்திரி பயங்கரமா ஓடுச்சு, மணி சார திட்டிட்டேதான் படுத்தேன். ஆனா வெள்ளிக்கிழமைல இருந்து அந்த நாலு வரி வந்தா சரணத்துக்கு எறங்குது, அங்க எனக்கு மெட்டு சரியா தெரியல, கலைஞ்சு போயிருது. காலைல பக்கெட்ட கேட்டுக்கு வெளிய வச்சுட்டு உள்ள வந்து மிக்ஸி போட்டுக்கறேன், பாட்டு கேக்கற நேரம் குறைஞ்சுது. கம் ஸ்கூட்டிக்கு மட்டும். மூணு வேளை நோட்டுல மொத ரெண்டு மூணு நாள் பெரும்பாலும் "ஓடுது"ன்னு இருந்துச்சு, இப்ப ரொம்ப குறைஞ்சுருச்சு. நாலஞ்சு விஷயத்த ஒண்ணா செஞ்சதால எது வேலை செஞ்சுதுன்னு எனக்கே தெரியல.

விசில்_மணி | அடுத்த வியாழன், இரவு 10.01

என்னோடதுதான் 😎

செவிப்பறை | அடுத்த வியாழன், இரவு 10.40

மணி, மூணு வாரம் ஆன பாட்டு தானாவும் தேஞ்சு போயிருக்கும், அதயும் கணக்குல வைங்க. :) தோழி, திரும்ப ஏறுச்சுன்னா பயப்படாதீங்க, ஆனா கூடவே எண்ணிக்கை, சரிபாத்தல், இத்தன தடவை பாடி முடிச்சே ஆகணும்ங்கற கட்டாயம் மாதிரி ஏதாச்சும் வந்து வேலைய கெடுத்தா அது ஓசிடி பக்கம் சேரும், அதுக்கு மருந்தும் தெரபியும் இருக்கு. உங்களுக்கு அப்படி தெரியல.

வெண்கலக்கிண்ணி | ஞாயிறு, காலை 10.30

மேடம், பாட்டிக்கு ஆடியோகிராம் எடுத்தாச்சு. ரெண்டு காதும் மந்தம், மேல் ஸ்தாயி சத்தம் ரொம்ப கேக்கலயாம். காது மெஷின் ஒரு வாரம் ட்ரையலுக்கு குடுத்திருக்காங்க. போட்டிருக்கற நேரம் பஜனை கம்மின்னு பாட்டியே சொல்றாங்க, மந்திரிக்கற மாமா வாய மூடிட்டார். ஆனா ராத்திரி கழட்டி வச்சதும் ஆரம்பிச்சுருது. தூங்கும்போது போட்டுக்கலாமா?

செவிப்பறை | ஞாயிறு, காலை 11.15

தூங்கும்போது வேணாம், காது உள்பக்கம் புண்ணாகும், மெஷினும் வேர்வைல போயிரும். ரூம்ல ஃபேன ஓட விடுங்க, தலைமாட்டுல ரேடியோவ அவங்களுக்கு லேசா கேக்கற அளவுக்கு வைங்க, பாட்டு வேணாம், பேச்சு நிகழ்ச்சியா இருக்கட்டும். அவங்களுக்குப் பிடிச்ச சத்தமான்னு கேட்டுட்டு வைங்க. ட்ரையல் முடியற அன்னைக்கு மெஷின்காரங்ககிட்ட இந்த பஜனை விஷயத்த கண்டிப்பா சொல்லுங்க, நெறைய பேர் வெக்கப்பட்டு சொல்லாமலே விட்டுடறாங்க.